சுவரில் மூன்று முறை தெரிந்த ஒரே வடு

ஒரு பழைய வீட்டின் முகப்பைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டுத் தரும் வேலை எனக்கு வந்தது. படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். வாசலை ஒட்டிய சுவரில் மின்மீட்டர் பெட்டி ஒன்று இருந்தது. 600 பிக்சல் அகலம், 800 பிக்சல் உயரம் இருக்கும். அதற்கு மேலே குழாய் ஒன்று ஏறிப் போனது. பெட்டி மட்டும் படத்தில் வேண்டாம் என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். ஃபோட்டோஷாப்பில் பெட்டியைச் சுற்றித் தேர்வு போட்டு, Content-Aware Fill கொடுத்தேன். சில விநாடிகளில் பெட்டி போய், அதே சொரசொரப்பான சிமென்ட் பூச்சு வந்து உட்கார்ந்தது. திரையில் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை.

அச்சு வந்த பிறகு வீட்டுக்கார அம்மா விரலை வைத்துக் காட்டினார். பெட்டிக்குக் கீழே, காரை பெயர்ந்து நாற்பது பிக்சல் அளவில் ஒரு வெள்ளை வடு இருந்தது. அதே வடு, அதே வடிவில், பெட்டி இருந்த இடத்தில் இன்னும் இரண்டு முறை ஒன்றின் மேல் ஒன்றாக நின்றது. ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு சுவரே தெரிவதில்லை. அந்த மூன்று வடுக்கள்தான் தெரிகின்றன.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்று தோன்றியது. படத்திருத்த வேலையில் இருப்பவர்களிடம் கேட்டால், 'மென்பொருள் பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டுகிறது' என்ற பதில்தான் கிடைக்கும். அது பாதி உண்மை. எதை எடுக்கிறது, எந்தக் கணக்கில் எடுக்கிறது, எடுத்ததையே ஏன் திரும்பவும் எடுக்கிறது என்ற மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த வசதி ஃபோட்டோஷாப் சிஎஸ்5 பதிப்பில், 2010-இல் வந்தது. அதன் அடியில் இருப்பவை இரண்டு ஆய்வுகள். ஒன்று, யோனாதன் வெக்ஸ்லர், எலி ஷெக்ட்மன், மிகால் இரானி ஆகியோர் 2004-இல் வீடியோவில் விட்டுப்போன பகுதிகளை நிரப்பச் சொன்ன முறை. மற்றொன்று, கானலி பார்ன்ஸ், ஷெக்ட்மன், ஆடம் ஃபிங்கல்ஸ்டீன், டான் கோல்ட்மன் நால்வரும் 2009-இல் வெளியிட்ட 'பேட்ச்மேட்ச்'. முதலாவது எதைத் தேட வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது அதை எப்படி வேகமாகத் தேடுவது என்று சொல்கிறது.

தேடலின் அலகு ஒற்றைப் பிக்சல் அல்ல, ஒரு சிறு சதுரம். அதைச் சில்லு என்று வைத்துக்கொள்வோம். பேட்ச்மேட்ச் கட்டுரையில் அது ஏழுக்கு ஏழு, அதாவது 49 பிக்சல். நிரப்ப வேண்டிய இடத்தில் முதலில் ஓரங்களிலிருந்து ஏதோ ஒரு தோராய நிறம் பரப்பப்படுகிறது. அதன் பிறகு அந்த இடத்தின் ஒவ்வொரு சில்லும், 'வெளியே உள்ள சுவரில் என்னைப் போலவே இருக்கும் சில்லு எது?' என்று கேட்கிறது. ஒப்பீடு எளியது. இரண்டு சில்லுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பிக்சலுக்குப் பிக்சல் கழித்து, வந்த வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை குறைந்த சில்லே வெற்றி பெறும்.

அடுத்தது வாக்கெடுப்பு. ஒரு பிக்சல் தன்னைச் சுற்றிய 49 சில்லுகளில் உறுப்பினராக இருக்கிறது. அந்த 49 சில்லுகளும் வெளியே தங்களுக்குக் கிடைத்த ஜோடியைப் பார்த்து, இந்தப் பிக்சலுக்கு என்ன நிறம் வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்கின்றன. அவற்றின் சராசரி அந்தப் பிக்சலுக்கு வைக்கப்படுகிறது. நிறம் மாறியதால் சில்லுகளும் மாறுகின்றன. எனவே மறுபடி தேடல், மறுபடி வாக்கு. இப்படிப் பல சுற்று.

ஒவ்வொரு சில்லுக்கும் படம் முழுவதையும் துருவினால் நேரம் போதாது. பேட்ச்மேட்ச் இங்கே ஒரு அழகான சிக்கனத்தைச் செய்தது. முதலில் ஒவ்வொரு சில்லுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு ஜோடியைக் கொடுத்துவிடு. பிறகு மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக நடந்து வா. ஒவ்வொரு சில்லிலும் நின்று, 'பக்கத்துச் சில்லுக்கு நல்ல ஜோடி கிடைத்திருக்கிறதே, அதற்கு ஒரு பிக்சல் தள்ளி இருப்பது எனக்குப் பொருந்துமா?' என்று பார். பொருந்தினால் எடுத்துக்கொள். அதன் பிறகு, கையில் இருக்கும் ஜோடியை நடுவாக வைத்து, முதலில் படம் அளவுக்கு, அடுத்து அதில் பாதி, அதிலும் பாதி என்று சுருங்கிவரும் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு இடத்தைச் சோதித்துப் பார். அடுத்த சுற்றில் கீழிருந்து மேலாக நட. நான்கைந்து சுற்றில் தேடல் நிலைத்துவிடுகிறது.

இதில் இரண்டாவது படிதான், அதாவது பக்கத்துக்காரரைப் பார்த்து எடுத்துக்கொள்வதுதான், இந்த முறையின் உயிர். சாதாரணப் படங்களில் ஒரு சில்லுக்குச் சரியான ஜோடி கிடைத்தால் அதன் அண்டைச் சில்லுகளுக்கும் அதே நகர்வு சரியாக இருக்கும். ஒருவரின் அதிர்ஷ்டம் தெரு முழுக்கப் பரவும்.

சொரசொரப்பான சுவரில் நிலைமை வேறு. அங்கே 'சரியான ஜோடி' என்று ஒன்று இல்லவே இல்லை. இதை ஒரு காசைச் சுண்டிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். சுவரின் சராசரி வெளிச்சம் 160 என்று வைப்போம். ஒவ்வொரு பிக்சலும், காசு சுண்டினாற்போல, 170 ஆகவோ 150 ஆகவோ இருக்கிறது. இப்படிப்பட்ட சுவரில் ஏதாவது இரண்டு சில்லுகளை எடுத்து ஒப்பிட்டால், ஏறத்தாழப் பாதிப் பிக்சல்கள் ஒத்துப்போகும். மீதிப் பாதியில் வித்தியாசம் 20. வர்க்கம் 400. பிக்சலுக்குச் சராசரி 200. இப்போது எந்தச் சொரசொரப்பும் இல்லாமல் முழுக்க 160 ஆக இருக்கும் ஒரு மொட்டைச் சில்லை எடுத்து ஒப்பிடுங்கள். எல்லாப் பிக்சலிலும் வித்தியாசம் 10, வர்க்கம் 100. சராசரியும் 100.

அதாவது, சொரசொரப்பான ஒரு சில்லுக்கு இன்னொரு சொரசொரப்பான சில்லைவிட, ஒன்றுமே இல்லாத மொட்டைச் சில்லுதான் 'நெருங்கியது' என்று கணக்கு சொல்கிறது. நம் கண் இதை ஒரு நாளும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் கழித்து வர்க்கப்படுத்தும் அளவுகோலுக்கு, சொரசொரப்பான இரண்டு சில்லுகளும் ஒரே பூச்சு என்ற எண்ணமே கிடையாது. பிக்சல் இடத்துக்கு இடம் ஒத்துப்போகிறதா என்பது மட்டுமே தெரியும். பல லட்சம் சில்லுகளை விடாமல் துருவினால், தற்செயலாக மொட்டைச் சில்லையும் மிஞ்சும் நெருக்கமான சொரசொரப்புச் சில்லு ஒன்று கிடைக்கத்தான் செய்யும். ஆனால் 4000 பிக்சல் படத்தில் பாதி பாதியாகச் சுருங்கும் தேடல் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு இடங்களைத்தான் பார்க்கிறது. ஐந்து சுற்றுக்கு அறுபது. சுவரின் சில்லுகளோ பல லட்சம்.

மொட்டைச் சில்லை நோக்கிய இந்தச் சாய்வுக்கு வாக்கெடுப்பும் துணை போகிறது. 49 சில்லுகளும் 49 வெவ்வேறு இடத்தைக் காட்டினால், அவற்றின் சராசரி மழுங்கிப்போகும். சொரசொரப்பு கரைந்து மாவு பூசியதுபோல ஆகும். மழுங்கிய இடம் அடுத்த சுற்றில் மழுங்கிய சில்லைத் தேடும். பூச்சு வழவழவென்று இருக்கும் இடங்கள் சுவரில் சிலவே. எல்லாச் சில்லுகளும் அந்தச் சில இடங்களையே போய் மொய்க்கின்றன. திரும்பத் திரும்ப வருவதற்கு இது முதல் காரணம்.

மழுங்காமல் தப்பிக்க ஒரே ஒரு வழி உண்டு. 49 சில்லுகளும் ஒரே நகர்வைச் சொல்ல வேண்டும். அதாவது, மூலத்தின் ஒரு பெரிய துண்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அந்தத் துண்டின் உள்ளே ஒப்பீட்டுக் கணக்கு பூஜ்யம். செலவு எல்லாம் துண்டும் துண்டும் சேரும் விளிம்பில் மட்டுமே. பக்கத்துச் சில்லின் ஜோடியை ஒரு பிக்சல் தள்ளி எடுத்துக்கொள்ளும்போது, 49 பிக்சலில் 42 ஏற்கெனவே பொதுவானவை. ஆகவே பரவல் படி, துண்டு துண்டாகப் பெயர்ப்பதைத்தான் ஊக்குவிக்கிறது. கணக்கைப் பொறுத்தவரை அச்சுப் பிசகாத நகல் ஒரு குறையே அல்ல; அதுதான் அடையக்கூடிய சிறந்த விடை.

இந்த இரு முனைகளும் புதிதாகத் தெரியவந்தவை அல்ல. அலெக்ஸே எஃப்ரோஸும் தாமஸ் லியூங்கும் 1999-இல், ஒரு மாதிரியைப் பார்த்து அதே தன்மையுள்ள பரப்பை ஒவ்வொரு பிக்சலாக வளர்க்கும் முறையைச் சொன்னபோதே, அது சில நேரம் வழி தவறிக் குப்பையை வளர்க்கிறது, சில நேரம் மாதிரியின் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு அதை அப்படியே நகலெடுக்கிறது என்று தங்கள் கட்டுரையிலேயே எழுதிவிட்டார்கள். மிகயீல் அஷிக்மின் 2001-இல் இதையே பலமாக்கினார். புல், இலை, கூழாங்கல் போன்ற இயற்கைப் பரப்புகளுக்குத் துண்டு துண்டான நகல்தான் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்று காட்டி, தேடலை அண்டைப் பிக்சல்களின் ஜோடிகளுக்குள் சுருக்கினார். பேட்ச்மேட்சின் பரவல் படிக்கு அந்த யோசனை மூத்தது. அன்று குறையாகப் பதிவான ஒன்று, பத்தாண்டில் வேகத்துக்கான வழியாக மாறிவிட்டது.

துண்டுகளாகப் பெயர்ப்பது மட்டும் என்றால் வெவ்வேறு இடத்துத் துண்டுகள் வரலாமே, ஏன் அதே துண்டு? நான் படமெடுத்த வீட்டின் சுவருக்கே திரும்புகிறேன்.

வெயில் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக விழுந்திருந்தது. சுவரின் இட ஓரத்தில் வெளிச்ச மதிப்பு 200. வல ஓரத்தில் 120. ஆறாயிரம் பிக்சலில் எண்பது படி இறக்கம், அதாவது 75 பிக்சலுக்கு ஒரு படி. பெட்டியிலிருந்து ஆயிரம் பிக்சல் பக்கவாட்டில் தள்ளி ஒரு துண்டை எடுத்தால் வெளிச்சம் 13 படி மாறியிருக்கும். அதன் வர்க்கம் 169. ஒவ்வொரு பிக்சலுக்கும் இது கூடுதல் அபராதம். எனவே பக்கவாட்டில் எவ்வளவு சுவர் இருந்தாலும் கணக்குக்கு அது தூரத்துச் சொந்தம். வெளிச்சம் ஒத்துப்போவது பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள பட்டையில்தான். மேலே குழாய் ஓடுகிறது. கீழே திண்ணை தொடங்குவதற்கு முன் 400 பிக்சல் உயரம் மட்டுமே சுத்தமான பூச்சு. கணக்குப் போட்டால், நிரப்ப வேண்டியது 4,80,000 பிக்சல். உண்மையில் பயன்படும் மூலம் 600-க்கு 400, அதாவது 2,40,000. நிரப்புவதற்கு வேண்டியதில் பாதிதான் கையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டு முறை வந்தே தீரும். அந்த வடு நடந்ததும் அப்படித்தான்: பெட்டியின் கீழ் விளிம்புக்கு 150 பிக்சல் கீழே இருந்த அது, 420 பிக்சல் மேலேறி ஒரு முறையும், 780 பிக்சல் மேலேறி இன்னொரு முறையும் வந்திருந்தது.

இந்தக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குவது பிரமிட் வேலைமுறை. நிரப்புதல் முழு அளவுப் படத்தில் தொடங்குவதில்லை. படத்தைப் பாதி பாதியாகச் சுருக்கி, மிகச் சிறிய பிரதியில் முதலில் நிரப்பி, அந்த விடையைப் பெரிதாக்கி அடுத்த படிக்குக் கொடுக்கிறார்கள். பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் என் பெட்டி 38-க்கு 50 பிக்சல்தான். ஏழு பிக்சல் சில்லு, அசல் படத்தின் 112 பிக்சலை மூடுகிறது. மூன்று நான்கு பிக்சல் அளவுள்ள மணல் சொரசொரப்பு அந்த அளவில் முற்றிலும் கரைந்துபோகிறது. மிஞ்சுவது வெளிச்ச இறக்கமும் கறையும் அந்த வடுவும். எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்ற முடிவு, சொரசொரப்பே தெரியாத இந்த மட்டத்தில், வெளிச்சத்தை வைத்து எடுக்கப்படுகிறது. பெரிய அளவுக்கு வரும்போது மேல் மட்டம் சொன்ன நகர்வையே வைத்துக்கொண்டு விளிம்புகளை மட்டும் திருத்துகிறது. அதனால்தான் தொடக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஜோடி கொடுப்பதும் காப்பாற்றுவதில்லை. எங்கிருந்து தொடங்கினாலும் குறைந்த செலவுள்ள அதே சில இடங்களில்தான் எல்லாம் போய்ச் சேருகின்றன. வடுவை யாரும் தனியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. விளிம்பு நன்றாகப் பொருந்திய ஒரு துண்டின் நடுவில் அது உட்கார்ந்திருந்தது, துண்டோடு வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சில்லும் தனியாகவே தேர்வு செய்கிறது. தான் எடுக்கும் மூலத்தை இன்னொரு சில்லு ஏற்கெனவே எடுத்துவிட்டதா என்று அது கேட்பதில்லை. ஒரு மூலத்தை எத்தனை முறை எடுத்தாலும் கட்டணம் கிடையாது.

இதற்குக் கட்டணம் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. டெனிஸ் சிமகோவும் இரானி, ஷெக்ட்மன் உள்ளிட்டோரும் 2008-இல் ஒப்பீட்டை இருபுறமும் செய்தார்கள்: விளைவில் உள்ள ஒவ்வொன்றும் மூலத்தில் இருக்க வேண்டும், மூலத்தில் உள்ள ஒவ்வொன்றும் விளைவில் வர வேண்டும். படத்தைச் சுருக்குவதற்கு இது மிகப் பொருத்தம். ஆனால் நிரப்புவதற்கு இதை வைத்தால் மூலத்தில் உள்ள சன்னலும் திண்ணையும்கூட உள்ளே வரத் துடிக்கும். அலெக்சாந்தர் காஸ்பரும் கூட்டாளிகளும் 2015-இல் ஒவ்வொரு மூலப் பிக்சலும் எத்தனை முறை பயன்பட்டது என்று கணக்கு வைத்து, அளவுக்கு மிஞ்சிப் பயன்பட்டவற்றுக்கு அபராதம் போட்டார்கள். பரப்பு மாதிரி ஒன்றை மட்டும் கொடுத்து வளர்க்கும் வேலையில் இது நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே மாதிரி முழுவதும் வேண்டியதுதான். ஒரு வீட்டுப் படத்தில் எது சுவர், எது வேண்டாதது என்று யாரோ சொல்லித் தர வேண்டும். என் கருத்தில் சரியான மருந்து இந்தக் கணக்கு வைப்பதுதான். அதற்கான விலை, சில்லுகள் ஒன்றுக்கொன்று காத்திருக்க நேர்வது. தனித்தனியாகத் தேடுவதால் கிடைத்த வேகம் அங்கே குறையும்.

எதிர்த் திசையில் போனவர்களையும் சொல்ல வேண்டும். கைமிங் ஹே, ஜியான் சன் இருவரும் 2012-இல், ஒரு படத்துக்குள் ஒத்த சில்லுகளின் நகர்வுகளை எண்ணிப் பார்த்தால் அவை சில நகர்வுகளிலேயே குவிகின்றன என்று காட்டி, அதிகம் வரும் அறுபது நகர்வுகளை மட்டும் வைத்து நிரப்பினார்கள். செங்கல் சுவரில் திரும்ப வருவதுதான் நமக்கு வேண்டும். வரிசை தப்பாமல் வர வேண்டும். அங்கே இது பொருத்தமான வழி. ஆனால் சுவரைச் சாய்வாக எடுத்திருந்தால், அருகில் 40 பிக்சல் உயரமுள்ள செங்கல் வரிசை தூரத்தில் 34 ஆகிவிடும். நகர்த்தி வைப்பது மட்டும் தெரிந்த முறைக்கு அந்த ஆறு பிக்சல் கலவைக்கோட்டை உடைத்துவிடும். சிமென்ட் பூச்சுக்கோ, அறுபது நகர்வுக்குள் அடைப்பது நோயை வளர்ப்பது போலத்தான்.

திரும்ப வந்திருக்கிறதா என்று கண்ணை மட்டும் நம்பாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே எத்தனை பிக்சல் என்று அளந்துகொள்ளுங்கள். நிரப்பிய படத்தை ஒரே லேயராக்கி, அதன் நகலை மேலே வைத்து, கலப்பு முறையை Difference ஆக்கி, அளந்த தூரத்துக்கு நகலை நகர்த்துங்கள். நகல் எடுக்கப்பட்ட துண்டு முழுக்கக் கன்னங்கரேலென்று தெரியும். சுற்றிலும் உள்ள சுவர் புள்ளி புள்ளியாக மினுங்கும். துண்டின் எல்லைகூடத் தெளிவாக வரும். நிறச் சரிசெய்தல் நடந்திருந்தால் கறுப்புக்குப் பதில் சீரான கருஞ்சாம்பல் தெரியும். ஜேபெக்காகச் சேமித்துத் திறந்த படத்தில் சுத்தக் கறுப்பு கிடைப்பது அரிது. போலிப் படங்களைக் கண்டுபிடிப்பவர்கள் 2003 வாக்கிலேயே இதே தடயத்தைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்; ஒரு படத்துக்குள் ஒரு பகுதி இன்னொன்றாக நகலாகியிருந்தால், அது பெரும்பாலும் யாரோ எதையோ மறைத்த இடம்.

இனி கையில் இருக்கும் கருவியைப் பற்றி. ஃபோட்டோஷாப்பின் 2019 பதிப்பிலிருந்து இதற்குத் தனிச் சாளரம் உண்டு. எங்கிருந்து எடுக்கலாம் என்பது பச்சைப் பூச்சாகத் தெரியும். Auto வேண்டாம் என்றால் Custom வைத்து நாமே வரையலாம். நான் முதலில் செய்தது வடுவின் மேலிருந்த பச்சையை அழித்ததுதான். வடு போயிற்று, ஆனால் அருகிலிருந்த ஒரு சின்னக் கறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை வந்தது. மூலம் இன்னும் குறைந்ததுதான் மிச்சம். Color Adaptation அளவைக் கூட்டியபோது பக்கவாட்டுச் சுவரும் உள்ளே வந்தது. இது நிச்சயம் உதவியது. Mirror போட்டால் மூலம் இரண்டு மடங்காகும் என்று நினைத்துப் போட்டுப் பார்த்தேன். சாய்வெயில் விழுந்த சுவரில் ஒவ்வொரு மணல் பருக்கைக்கும் வலப்பக்கம் நிழல் இருக்கிறது. கண்ணாடிபோலத் திருப்பினால் நிழல் இடப்பக்கம் போய்விடும். மேடெல்லாம் பள்ளமாகத் தெரியும். சுழற்சிக்கும் இதே கதைதான். நேர் வெளிச்சத்தில் எடுத்த சுவருக்கு மட்டுமே அவை இரண்டும்.

கடைசியில் வேலை செய்தது, வெளிச்சத்தையும் சொரசொரப்பையும் பிரித்துக்கொண்டது. முதலில் ஒரு நகல் லேயரில் சாதாரணமாக நிரப்பிவிட்டேன். பெட்டியின் கருமை பக்கத்தில் கசியாமல் இருக்க இந்த வரிசை முக்கியம். அதை இரண்டாக நகலெடுத்து, கீழ் லேயருக்கு Gaussian Blur 40 பிக்சல். மேல் லேயரில் Apply Image மூலம் கீழ் லேயரைக் கழித்து, Scale 2, Offset 128 கொடுத்து, Linear Light ஆக்கினேன். மேல் லேயரைத் தனியாகப் பார்த்தால் சுவர் முழுவதும் ஒரே சாம்பல். வெளிச்ச இறக்கம் இல்லை, சொரசொரப்பு மட்டும் இருக்கிறது. அந்த லேயரில் பெட்டி இருந்த இடத்தை மீண்டும் தேர்ந்தெடுத்து, இருபுறமும் சுவரைப் பச்சையாக வரைந்து, Color Adaptation-ஐ None ஆக்கி நிரப்பினேன். இப்போது மூலம் 2000-க்கு 1500, அதாவது முப்பது லட்சம் பிக்சல். நிரப்ப வேண்டியதைப்போல ஆறு மடங்கு. வெளிச்ச அபராதம் இல்லாததால் எல்லாமே பக்கத்துச் சொந்தமாகிவிட்டது. வல ஓரம் வரை நான் போகவில்லை. வெளிச்சம் குறையக் குறைய சொரசொரப்பின் ஆழமும் குறைகிறது, 120-இல் எடுத்த துண்டு 160-இல் வெளிறித் தெரியும். கீழ் லேயரில் வடுக்களின் மங்கலான சாயல் மிஞ்சியிருந்தது. அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்து இன்னும் அகலமாக மழுக்கினேன்.

மறுபடி Difference வைத்துச் சோதித்தபோது, முழு நிரப்புதலில் ஒரே ஒரு ஜோடி மாட்டியது: கட்டைவிரல் நகம் போன்ற ஒரு கீறல், 312 பிக்சல் இடைவெளியில் இரண்டு முறை. அதில் ஒன்றை க்ளோன் ஸ்டாம்பால் கையாலேயே மூடி, படத்தை மீண்டும் அச்சுக்கு அனுப்பினேன்.